வட்டியை உயர்த்த முடியாத வங்கி

2021 ஆகஸ்ட் 19ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை அரை சதவீதம் உயர்த்தியது. விலைவாசி ஏறத் தொடங்கியிருந்தது, டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எந்த மத்திய வங்கியும் எடுக்கும் மருந்துதான் அது. வட்டி ஏறினால் கடன் வாங்குவோர் தயங்குவார்கள், செலவு சுருங்கும், விலையேற்றம் தணியும்.

ஆனால் அதே ஆண்டு முழுவதும் அதே வங்கி புதுப் பணத்தை உருவாக்கி அரசாங்கத்துக்குக் கொடுத்துக்கொண்டும் இருந்தது. 2019 முடிவில் அதன் கையில் இருந்த அரசுக் கடன் பத்திரங்கள் எட்டாயிரம் கோடி இலங்கை ரூபாய்க்கும் குறைவு. 2020 முடிவில் அது சுமார் 72,500 கோடி. 2021 முடிவில் 1.4 லட்சம் கோடியைத் தாண்டியது. வட்டியை ஏற்றிப் பணத்தை இறுக்குகிறோம் என்று அறிவித்த வங்கியே அதைவிடப் பல மடங்கு பணத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

மத்திய வங்கியில் இருந்தவர்களுக்குப் பொருளாதாரம் தெரியாது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விலைவாசியைப் பிடிக்கத் தேவையான அளவுக்கு வட்டியை ஏற்றினால் அரசாங்கம் அந்த வட்டியைக் கட்ட முடியாமல் விழுந்துவிடும். அரசைக் காப்பாற்ற வட்டியைக் குறைவாக வைத்தால் விலைவாசி கைமீறிப் போகும். அரசின் கடன் சுமையே மத்திய வங்கியின் முடிவுகளைத் தீர்மானிக்கத் தொடங்கும் இந்த நிலையைப் பொருளியலாளர்கள் நிதி மேலாதிக்கம் என்கிறார்கள். பெயருக்கு வங்கி சுதந்திரமாக இருக்கும். உண்மையில் அதன் கையைப் பிடித்து எழுதுவது நிதி அமைச்சின் வரவு செலவுக் கணக்கு.

இலங்கையில் அந்தக் கணக்கு எப்படி இந்த நிலைக்கு வந்தது? 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும் பெரும் வரிக்குறைப்பு வந்தது. 15 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி (வாட்) 8 சதவீதமானது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் வாட் கட்ட வேண்டும் என்றிருந்த வரம்பு 30 கோடியாக உயர்ந்தது. நாட்டைக் கட்டும் வரி ஒழிந்தது, சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையும் நின்றது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. 2019இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 12 சதவீதமாக இருந்த அரசின் வருவாய், 2021இல் 8 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. உலகில் இவ்வளவு குறைவாக வரி வசூலிக்கும் அரசுகள் மிகச் சில.

2021இல் இலங்கை அரசின் மொத்த வருவாய் சுமார் 1.46 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டு அது கட்டிய வட்டி மட்டும் சுமார் 1.05 லட்சம் கோடி. நூறு ரூபாய் வருவாய் வந்தால் அதில் 72 ரூபாய் வட்டிக்கே போய்விட்டது. மிச்சம் 28 ரூபாயில்தான் ஆசிரியர் சம்பளம், மருந்து, ராணுவம், ஓய்வூதியம், சாலை எல்லாம். அது போதவில்லை, எனவே மேலும் கடன். அந்த ஆண்டின் பற்றாக்குறை மட்டும் இரண்டு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

இப்போது வட்டியை ஏற்றிப் பார்ப்போம். 2021 முடிவில் அரசு விற்றிருந்த திறைசேரி உண்டியல்கள் சுமார் 2.27 லட்சம் கோடி ரூபாய்க்கு இருந்தன. திறைசேரி உண்டியல் என்பது 91, 182 அல்லது 364 நாட்களில் திருப்பித் தருவதாக அரசு எழுதிக்கொடுக்கும் குறுகிய காலக் கடன் பத்திரம். ஒரு வருடத்துக்குள் அத்தனையும் முதிர்ந்துவிடும். திருப்பிக் கொடுக்க அரசிடம் பணம் இல்லை என்பதால் அன்றைய வட்டிக்குப் புதுப் பத்திரம் விற்றுத்தான் பழையதை அடைக்க வேண்டும். அதோடு புதுப் பற்றாக்குறைக்கான இரண்டு லட்சம் கோடியும் சேரும். ஆக, சுமார் 4.3 லட்சம் கோடி ரூபாய் புது வட்டிக்கு வருகிறது. வட்டி பத்துப் புள்ளி ஏறினால் கூடுதல் செலவு 43,000 கோடி. அது அரசின் வருவாயில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம். ஏற்கெனவே 72 ரூபாய் போய்க்கொண்டிருந்த இடத்தில் இன்னும் 30 ரூபாய். வந்த வருவாய் முழுவதையும் கொடுத்தாலும் வட்டிக்குப் போதாது.

இது தோராயக் கணக்குதான். பற்றாக்குறையில் ஒரு பகுதி வெளிநாட்டுக் கடன், வருவாயும் விலையோடு சேர்ந்து ஏறும். ஆனாலும் அன்று வட்டி நிர்ணயிக்க உட்கார்ந்தவர்கள் முன்னால் இருந்த சுவர் எவ்வளவு உயரம் என்பதை இது காட்டுகிறது. பணவீக்கத்தை அடக்கத் தேவைப்பட்டதும் பத்துப் புள்ளிக்குக் குறையாத ஏற்றம்தான். அவர்கள் ஏற்றியது அரைப் புள்ளி.

பணம் அச்சடிப்பது என்று நாம் சொல்வது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு அச்சு இயந்திரமே தேவையில்லை. வாரந்தோறும் திறைசேரி உண்டியல்கள் ஏலத்துக்கு வரும். வணிக வங்கிகளும் நிதியங்களும் இன்ன வட்டிக்கு இவ்வளவு வாங்குகிறோம் என்று கேட்கும். 2020இலும் 2021இன் பெரும்பகுதியிலும் இலங்கை மத்திய வங்கி இந்த ஏலங்களுக்கு உச்ச வட்டி ஒன்றை முன்கூட்டியே அறிவித்தது. அதற்கு மேல் கேட்டால் கிடையாது. வாங்குபவர்களுக்கு அந்த வட்டி கட்டுப்படியாகவில்லை. நூறு கோடிக்கு ஏலம் விட்டால் அதில் ஒரு பகுதிக்குத்தான் ஆள் இருந்தது. விலைபோகாத மிச்சத்தை மத்திய வங்கியே எடுத்துக்கொண்டு, அரசின் கணக்கில் அந்தத் தொகையை வரவு வைத்தது. அரசு அதிலிருந்து சம்பளம் கொடுத்ததும் அது ஊழியரின் வங்கிக் கணக்குக்குப் போனது. நேற்றுவரை நாட்டில் இல்லாத பணம் இன்று கடைத்தெருவில் பொருள் தேடி வந்துவிட்டது.

ஏல முடிவுகள் அன்றன்றே இணையத்தில் வெளியாகின்றன. எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு விற்றது, மத்திய வங்கி கையில் எவ்வளவு பத்திரம் சேர்ந்தது என்ற மூன்று எண்களை யாரும் பார்க்கலாம். ஒரு நாட்டின் மத்திய வங்கி உண்மையில் யாருக்காக வேலை செய்கிறது என்பதை அதன் ஆளுநரின் பேச்சைவிட இந்த எண்கள் தெளிவாகச் சொல்லும்.

இந்தச் சிக்கலின் உள்கணக்கை 1981இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் தாமஸ் சார்ஜென்ட்டும் நீல் வாலஸும் ஒரு கட்டுரையில் போட்டுக் காட்டினார்கள். மினியாபொலிஸ் மத்திய ரிசர்வ் வங்கியின் காலாண்டிதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, இது கசப்பான கணக்கு என்று அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் பணவீக்கத்தை முறிக்க வட்டியைக் கடுமையாக ஏற்றியிருந்த நேரம் அது. பணத்தை இறுக்கினால் பணவீக்கம் குறைந்தே தீரும் என்று பலரும் நம்பினார்கள். அரசாங்கம் தன் பற்றாக்குறையை மாற்றிக்கொள்ள மறுத்தால் இன்று இறுக்குவது நாளை கூடுதல் பணவீக்கமாகத் திரும்பி வரும் என்று இவர்கள் இருவரும் காட்டினார்கள்.

அந்தக் கணக்கைச் சிறிய எண்களில் நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டின் ஆண்டு வருமானம் 100 என்று வைப்போம். அரசுக் கடனும் 100. பணவீக்கத்தைக் கழித்த பிறகு கடனுக்கு வட்டி 5 சதவீதம், பொருளாதார வளர்ச்சி 3 சதவீதம். வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்த்தாலே அரசின் செலவு வருவாயைவிட 2 கூடுதல். இதற்கு முதன்மைப் பற்றாக்குறை என்று பெயர். வளர்ச்சியை மிஞ்சிய வட்டியால் கடன் வருடத்துக்கு 2 பெருகும், பற்றாக்குறையால் இன்னொரு 2. மத்திய வங்கி வருடத்துக்கு 4 அளவு புதுப் பணம் கொடுத்தால் கடன் அப்படியே 100இல் நிற்கும், பணவீக்கமும் அதற்கேற்ற ஓர் அளவில் இருக்கும்.

புதிதாக ஒரு கண்டிப்பான ஆளுநர் வருகிறார். இனி 1தான் தருவேன் என்கிறார். பணவீக்கம் குறைகிறது, மக்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் அரசு செலவைக் குறைக்கவுமில்லை, வரியை ஏற்றவுமில்லை. கிடைக்காத 3ஐச் சந்தையில் கடன் வாங்குகிறது. அடுத்த வருடம் அந்த 3க்கும் வட்டி சேர்ந்து கடன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. பத்து வருடத்தில் கடன் 100இலிருந்து கிட்டத்தட்ட 133 ஆகிவிடும். அப்போது கடன் கொடுப்பவர்கள், இதற்கு மேல் எங்களால் முடியாது என்று கைவிரிக்கிறார்கள். கடனை 133க்கு மேல் போகாமல் நிறுத்த இப்போது எவ்வளவு பணம் தேவை? பற்றாக்குறைக்கு 2, பெருகும் கடனுக்கு 2.66. ஆக 4.66. ஆளுநர் வருவதற்கு முன்பு 4 போதுமாக இருந்தது. பத்து வருடக் கண்டிப்புக்குப் பிறகு அதைவிட அதிகமாகப் பணம் உருவாக்க வேண்டியிருக்கிறது, அதுவும் வருடா வருடம்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. பத்து வருடம் கழித்து என்ன நடக்கும் என்பது கடன் கொடுப்பவர்களுக்கும் தெரியும். பணத்தின் மதிப்பு பிறகு சரியப் போகிறது என்றால் அதுவரை யாரும் காத்திருப்பதில்லை. இன்றே டாலரும் தங்கமும் நிலமும் வாங்குகிறார்கள். இலங்கையில் ஏற்றுமதியாளர்கள் டாலரை ரூபாயாக மாற்றாமல் வைத்துக்கொண்டது இந்தக் கணக்கால்தான். எதிர்காலப் பணவீக்கம் நிகழ்காலத்துக்கே வந்துவிடும்போது ஆளுநரின் கண்டிப்புக்கு அந்தப் பத்து வருடப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம்.

இதே எண்களில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மத்திய வங்கி 4ஐ 1 ஆகக் குறைக்கும்போது அரசும் வரியையோ செலவையோ 3 அளவுக்குச் சரிசெய்தால் கடன் 100இலேயே நிற்கும், பணவீக்கம் குறைந்தே இருக்கும், யாருக்கும் சிக்கல் இல்லை. ஆகவே பணவீக்கத்தை வெல்வதும் தோற்பதும் மத்திய வங்கியின் மன உறுதியை மட்டும் பொறுத்தது இல்லை. நிதி அமைச்சகம் உடன் வருகிறதா என்பதில்தான் பாதிக்கு மேல் தங்கியிருக்கிறது.

கணக்குக்கு எல்லைகள் உண்டு. வளர்ச்சி வட்டியைவிட அதிகமாக இருந்தால் கடன் தானாகவே சுருங்கும். ஜப்பானின் அரசுக் கடன் அதன் உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும் அது பல பத்தாண்டுகள் தாங்கியதற்கு, வட்டி சுழியத்தை ஒட்டி இருந்ததும் கடன் பெரும்பாலும் சொந்த மக்களிடம் சொந்த நாணயத்தில் இருந்ததும் காரணங்கள். கடனின் ஆயுளும் முக்கியம். முப்பது வருடப் பத்திரத்தில் வாங்கிய கடனை இன்றைய வட்டி ஏற்றம் தொடாது. இலங்கைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. அரசின்மேல் நம்பிக்கை குறையக் குறைய, நீண்ட காலக் கடன் தர ஆள் இல்லாமல் எல்லாம் குறுகிய கால உண்டியல்களாக மாறின. 2019இல் ஒரு லட்சம் கோடிக்கும் குறைவாக இருந்த உண்டியல் கடன் 2022 முடிவில் நான்கு லட்சம் கோடியைத் தாண்டியது. ஒவ்வொரு வட்டி ஏற்றமும் சில மாதங்களில் அரசின் கழுத்துக்கு வந்துவிடும் நிலை.

2020இல் இத்தனை பணம் வெளியே போயும் இலங்கையில் விலைவாசி பெரிதாக ஏறவில்லை. பணம் அச்சடித்தால் பணவீக்கம் வரும் என்பது பழைய மூடநம்பிக்கை என்று அப்போது சிலர் வாதிட்டார்கள். சொந்த நாணயத்தில் வாங்கிய கடன் இறையாண்மை உள்ள அரசுக்குப் பெரிய பிரச்சினை இல்லை என்ற கருத்தை அன்றைய ஆளுநர் டபிள்யூ. டி. லக்ஷ்மனே வெளிப்படையாகச் சொன்னார். விலைக்குப் பதிலாக டாலர் கையிருப்பு அடி வாங்கிக்கொண்டிருந்ததை அவர்கள் கவனத்தில் எடுக்கவில்லை. புதிய ரூபாய்கள் இறக்குமதியைத் தேடிப் போயின. டாலர் விலை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்ததால், அந்த விலைக்கு டாலரை விற்று விற்றுக் கையிருப்பு கரைந்தது. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே இறங்கியது. அதிலும் உடனடியாகப் பயன்படுத்தக்கூடியது மிகச் சொற்பம். பணவீக்கம் வராமல் இருக்கவில்லை. கையிருப்பு தீரும்வரை தள்ளிப்போயிருந்தது.

2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டார்கள். இரண்டு மாதங்களுக்குள் ஒரு டாலர் 360 ரூபாயை ஒட்டிப் போனது. உக்ரைன் போரால் ஏறிய எண்ணெய் விலையும், முந்தைய வருடத்து ரசாயன உரத்தடையால் விழுந்த நெல் விளைச்சலும் சேர்ந்துகொண்டன. ஏப்ரல் 8ஆம் தேதி, ஆளுநராகப் பொறுப்பேற்ற உடனே நந்தலால் வீரசிங்க வட்டியை ஒரே நாளில் ஏழு புள்ளி உயர்த்தினார். நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது.

அத்தனை பெரிய வட்டி ஏற்றத்துக்குப் பிறகும் பணம் அச்சடிப்பது நிற்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் மையம். மே மாதம் பிரதமரான ரணில் விக்கிரமசிங்க, அரசு ஊழியர் சம்பளத்துக்காக விருப்பமில்லாமலே பணம் அச்சிட அனுமதிக்க வேண்டியிருக்கிறது என்று நாட்டு மக்களிடம் சொன்னார். மத்திய வங்கியின் கையில் இருந்த அரசுப் பத்திரம் 2022 முடிவில் 2.6 லட்சம் கோடியை எட்டியது. கண்டிப்பான ஆளுநராலும் அந்தக் கணக்கைத் தாண்ட முடியவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவு விலை ஏற்றம் மட்டும் 95 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

அந்த ஏற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 வரை அது ஏறவில்லை. இடையில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டன. அவருடைய சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஓய்வு பெறும்போது கிடைக்கும் ஒரே பெருந்தொகை, பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் போடப்பட்டிருந்தது. அந்த நிதியத்தை நிர்வகிப்பதும் மத்திய வங்கிதான். பணவீக்கம் 50, 60 சதவீதமாக இருந்த வருடத்தில் நிதியம் உறுப்பினர்களுக்கு அளித்த வட்டி 9 சதவீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோதும் வங்கிகள் வைத்திருந்த பத்திரங்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஓய்வூதிய நிதியங்கள் மட்டும் தங்கள் பத்திரங்களைக் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ள நேர்ந்தது. முதலில் 12 சதவீதம், 2025க்குப் பிறகு 9 சதவீதம்.

30 கோடி ரூபாய் வரைக்கும் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2019இல் கொடுத்த வரிச்சலுகையின் பாக்கியை, வருமான வரி கட்டும் அளவுக்குக்கூடச் சம்பளம் இல்லாத இந்த மனிதர்கள் கட்டினார்கள். பணவீக்கமும் ஒரு வரிதான். அதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. டாலரிலும் நிலத்திலும் சொத்து வைத்திருந்தவர்களை அது தொடவில்லை. ரூபாயைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர்களிடம்தான் அது முழுதாக வசூலானது. 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர்கள் மூவரும், முன்னாள் ஆளுநர்களான லக்ஷ்மனும் அஜித் நிவார்ட் கப்ராலும், வேறு சில அதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

பிறகு பணவீக்கம் வியக்கத்தக்க வேகத்தில் இறங்கியது. 2023 செப்டம்பரில் அது 1.3 சதவீதம். உயர்ந்த வட்டி அதற்கு உதவியது. ஆனால் வட்டி இம்முறை வேலை செய்ததற்குக் காரணம் மற்ற எண்கள் மாறியிருந்ததுதான். வாட் 8 சதவீதத்திலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. வெளிநாட்டுக் கடனுக்கான தவணைகள் நின்றிருந்தன. விலைகள் பெருமளவு ஏறியதால் பழைய ரூபாய்க் கடனின் உண்மை மதிப்பும் சரிந்திருந்தது. பணவீக்கமே கடனின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டிருந்தது. 2021இல் உற்பத்தியில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்த முதன்மைப் பற்றாக்குறை, 2023இல் சிறிய உபரியாக மாறியது. நாம் போட்ட சிறு கணக்கில் ஆளுநருக்குக் கிடைக்காத அந்த 3, இங்கே மிகுந்த வலியோடு கிடைத்தது.

2023 செப்டம்பரில் புதிய மத்திய வங்கிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அரசு விற்கும் பத்திரங்களை மத்திய வங்கி ஏலத்தில் நேரடியாக வாங்கக் கூடாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாணயச் சபையில் உட்கார்ந்திருந்த திறைசேரிச் செயலாளருக்கு இனி அங்கே இடமில்லை. இந்தியா இந்தக் கதவை 1997இலேயே சாத்தத் தொடங்கியது. தமிழரான சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த காலத்தில் செய்த ஒப்பந்தத்தின்படி, மத்திய அரசு பற்றாக்குறை வந்தபோதெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் உண்டியல் எழுதிக்கொடுத்துத் தானாகப் பணம் பெற்றுவந்த பழைய ஏற்பாடு அந்த ஏப்ரலில் முடிவுக்கு வந்தது.

சட்டம் நல்லதுதான். ஆனால் 2021இலும் மத்திய வங்கிக்கு விலைவாசியைக் காக்கும் கடமை சட்டத்தில் எழுதப்பட்டே இருந்தது. நூற்றுக்கு 72 வட்டிக்குப் போகும் அரசைச் சட்டத்தின் ஒரு பிரிவு நீண்ட நாள் தடுத்து நிறுத்தாது. நெருக்கடி முற்றினால் சட்டத்தைத் திருத்தும் பெரும்பான்மையும் அதே அரசிடம்தான் இருக்கும். 2025 முதல் உற்பத்தியில் 2.3 சதவீதம் முதன்மை உபரி என்று பன்னாட்டு நாணய நிதியத்துடன் இலங்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. ரூபாயின் மதிப்பு இப்போது தங்கியிருப்பது அந்த எண்ணில். அந்த உபரியில் பெரும்பங்கு, ஏழையும் பணக்காரரும் ஒரே மாதிரி சந்திக்கும் மறைமுக வரிகளிலிருந்தே வருகிறது. வருமானத்திலும் சொத்திலும் இன்னும் எவ்வளவு வசூலிக்க முடியும் என்ற கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவர்கள் எழுப்பினால்தான், இந்த உபரி அடுத்த தேர்தலைத் தாண்டியும் நிற்கும்.